ஒரு பிளவை மட்டும் மூடியபோது மையப் பட்டை கறுப்பானது

பாடநூலில் இந்தக் கணக்கு ஒரு வரிதான். இரட்டைப் பிளவில் ஒன்றின் மேல் n ஒளிவிலகல் எண்ணும் t தடிமனும் கொண்ட மெல்லிய தாளை வைத்தால், மையப் பட்டை தாள் இருக்கும் பக்கமாக நகரும். நகரும் தூரம்:

```
x = (n - 1) t D / d
```

d என்பது பிளவுகளுக்கு இடையே உள்ள தூரம், D என்பது திரை இருக்கும் தூரம். தாளுக்குள் ஒளி மெதுவாகப் போவதால் அந்தப் பாதை (n-1)t அளவுக்கு நீண்டுவிடுகிறது. அதை ஈடுகட்ட வேண்டுமானால் திரையில் அந்தப் பிளவுக்குப் பக்கமாக வரவேண்டும். பள்ளியில் இந்தக் கணக்கைப் பலமுறை போட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. உணவை மூடிவைக்கும் மெல்லிய பாலித்தீன் படலத்தை வைத்து இதை நேரில் அளந்துவிடலாம் என்று இறங்கினேன். அளக்க முடிந்தது. ஆனால் வந்த எண் கணக்கோடு ஒத்துப்போகவில்லை, ஒத்துப்போகாததற்கான காரணம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் படலத்தின் தடிமன் தெரிய வேண்டும். மடித்து மடித்துத் திருகு அளவியில் வைத்தால் அடுக்குகளுக்கு இடையே காற்று மாட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. எடை போடுவது எவ்வளவோ மேல். 30 செ.மீ. அகலத்தில் 200 செ.மீ. நீளம் வெட்டி, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் வைத்தேன்: 5.30 கிராம். பாலித்தீனின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.92 கிராம் என்று கொண்டால் கன அளவு 5.76 கன செ.மீ. அதை 6000 சதுர செ.மீ.யால் வகுத்தால் தடிமன் 9.6 மைக்ரான். அடர்த்தி கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பிழை ஒன்றிரண்டு சதவீதத்தைத் தாண்டாது. உருளையிலிருந்து இழுக்கும்போது படலம் நீண்டு மெலிந்துவிடக் கூடாது, அதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

முதல் பிளவு நானே கீறியது. கண்ணாடித் துண்டில் கறுப்பு வண்ணம் பூசி, இரண்டு சவரப் பிளேடால் 0.5 மி.மீ. இடைவெளியில் இழுத்த கோடுகள். 650 நானோமீட்டர் சிவப்பு லேசரைச் செலுத்தினேன், ஒரு மீட்டர் தள்ளி வைத்த காகிதத்தில் 1.3 மி.மீ. அகலத்தில் அழகாகப் பட்டைகள் விழுந்தன. இடது பிளவின் மேல் படலத்தை நகர்த்தினேன். பட்டைகள் கலங்கி, மங்கி, மறுபடி தெளிந்தன. தெளிந்த பிறகு பார்த்தால் முன்பு இருந்தது போலவேதான் இருந்தது.

நகர்ந்ததா? நகர்ந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் லேசரில் எல்லாப் பட்டைகளும் ஒரே சிவப்பு, ஒரே வடிவம். ஏழரைப் பட்டை நகர்ந்தாலும் அரைப் பட்டை நகர்ந்தாலும் காகிதத்தில் ஒரே காட்சிதான். ஒட்டுமொத்தப் பொலிவின் நடுப்பகுதி நகரவே இல்லை, அது நகரவும் நகராது. அந்தப் பெரிய பொலிவு மேடு ஒவ்வொரு பிளவின் அகலத்தாலும் உண்டாவது. தாள் இரண்டு பிளவுகளின் ஒளிக்கும் இடையே கட்டத்தைத்தான் மாற்றும், ஒரு பிளவு ஒளியை விரிக்கும் விதத்தை மாற்றாது. எனவே மேடு அசையாமல் நிற்க, அதற்குள் பட்டைகள் மட்டும் வழுக்கிப் போகின்றன. லேசரை மட்டும் வைத்துக்கொண்டு "மையப் பட்டை இதுதான்" என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

மையத்தை அடையாளம் காட்ட வெள்ளை ஒளி வேண்டும். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் சேர்ந்து பொலிவாவது மையத்தில் மட்டும்தான். இரண்டு பக்கமும் மூன்று நான்கு வண்ணப் பட்டைகள் தெரியும், அதற்கு மேல் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெறும் வெளுப்பாகிவிடும். மூலத்துக்கு ஆலசன் விளக்கு எடுத்தேன். வெள்ளை எல்.ஈ.டி.யின் நிறமாலையில் நீலத்தில் கூர்மையான ஒரு முகடு இருப்பதால் பட்டைகளின் நிறம் குழம்புகிறது. விளக்குக்கு முன்னால் 0.06 மி.மீ. அகல மூலப் பிளவு, அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி இரட்டைப் பிளவு. மூலப் பிளவு இதைவிட அகலமானால் பட்டைகள் வெளுக்கத் தொடங்கும்: λ அலைநீளம், L மூலப் பிளவிலிருந்து இரட்டைப் பிளவுக்கு உள்ள தூரம் என்றால், λL/d கணக்குப்படி 0.33 மி.மீ. வந்ததும் ஒன்றுமே மிஞ்சாது, கால்பங்குக்குள் இருந்தால் நல்லது. மூலப் பிளவும் இரட்டைப் பிளவும் இணையாக இருப்பது அதைவிட முக்கியம். ஒன்றை மெல்லத் திருப்பிக்கொண்டே பார்த்தால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டைகள் சட்டென்று உயிர்பெறும்.

வெள்ளை ஒளி மிகவும் மங்கலாக இருந்ததால் காகிதம் உதவவில்லை. ஒரு கண்ணருகு லென்சை வெர்னியர் அளவியின் நகரும் தாடையில் கட்டி, ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து, அதன் வழியே பட்டைகளைப் பார்த்தேன். (லேசர் எரியும்போது அந்த லென்சுக்குப் பக்கமே போகக் கூடாது. லேசர் காட்சியை எப்போதும் காகிதத்தில் விழவைத்துக் கேமராவில் எடுத்தேன்.) படலம் இல்லாமல் மையப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. படலத்தை வைத்தேன், அந்த இடம் வெறும் வெளுப்பானது. லென்சைத் தாள் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனேன். 5 மி.மீ. அருகில் இருட்டு. அதற்கு அப்பால் எங்கேயும் பட்டை கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க வீணானது. படலம் அழுக்கோ, பிளவு அடைத்துவிட்டதோ என்று தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் குற்றம் பிளவின் அகலத்தில் இருந்தது. நான் கீறிய கோடுகள் 0.1 மி.மீ. அகலம். லேசர் மேட்டின் முதல் இருட்டு மையத்திலிருந்து 6.5 மி.மீ.யில் விழுந்ததை வைத்து அதைக் கண்டுபிடித்தேன். பச்சை ஒளிக்கு அந்த இருட்டு 5.5 மி.மீ.யில் வரும். எனக்கு வேண்டிய மையப் பட்டையோ கணக்குப்படி (0.51 × 9.6 மைக்ரான் × 1000 மி.மீ. ÷ 0.5 மி.மீ.) 9.8 மி.மீ.யில் இருக்க வேண்டும். ஒளியே போகாத இடத்தில் பட்டையைத் தேடியிருக்கிறேன்! மேட்டுக்குள் மையத்தின் ஒரு பக்கம் d/a பட்டைகளுக்குத்தான் இடம், எனக்கு 5. படலம் நகர்த்துவதோ ஏறக்குறைய 9 பட்டைகள். கணக்குப் புத்தகங்களில் தாள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும், கையால் செய்தால் பிளவின் அகலம் அதற்கு எல்லை போட்டுவிடுகிறது.

அதனால் கண்ணாடி மேல் உலோகப் பூச்சில் பொறித்த தயார் பிளவுக்கு மாறினேன்: அகலம் 0.03 மி.மீ., இடைவெளி அதே 0.5 மி.மீ., உயரம் 10 மி.மீ. இப்போது பச்சைக்கு முதல் இருட்டு 18.3 மி.மீ.யில். 10 மி.மீ. பக்கத்தில் மேட்டின் பொலிவு உச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், பார்க்கப் போதும்.

அரை மி.மீ. இடைவெளியில் படலத்தின் ஓரத்தை நிறுத்துவதுதான் கைவேலையில் கடினமானது. படலத்தை இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து, கண்ணாடி மேல் புதுப் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டினால் ஓரம் சுருளாமல் வருகிறது. கத்தரிக்கோலில் வெட்டிய ஓரம் இழுபட்டு அலை அலையாக நிற்கும், அது பிளவுக்கு மேல் வந்தால் தடிமன் என்ன என்றே சொல்ல முடியாது. வெட்டிய துண்டை ஒரு சின்ன அட்டைச் சட்டத்தில் இரட்டைப் பக்க நாடாவால் ஒட்டி, திருகால் நகரும் மேடையில் பொருத்தினேன். ஓரம் எங்கே இருக்கிறது என்பதை லேசரே சொல்லிவிடும். படலம் வெளியே இருக்கும்போது பட்டைகள் ஓர் இடத்தில் நிற்கும். ஓரம் முதல் பிளவைக் கடக்கும்போது கலங்கும். இடைவெளியில் வந்ததும் புது இடத்தில் தெளியும். இரண்டாவது பிளவையும் மூடிவிட்டால் மறுபடி பழைய இடத்துக்கே திரும்பிவிடும், இரண்டு பாதையும் சம அளவு நீண்டதால். இந்த மூன்று நிலைகளையும் வரிசையாகப் பார்த்த பிறகுதான் படலம் ஒரே ஒரு பிளவை மூடியிருக்கிறது என்று நம்பினேன்.

இன்னொன்றும் செய்தேன், அதுதான் அளவை எளிதாக்கியது. படலத்தை ஒரு செங்கோண மூலையாக வெட்டி, இடது பிளவின் மேல் பாதியை மட்டும் மூடினேன். மூலப் பிளவை ஒன்றரை மி.மீ. உயரத்துக்குக் குறைத்துக்கொண்டால் மேல் பாதி ஒளியும் கீழ்ப் பாதி ஒளியும் பெரும்பாலும் கலக்காமல் வருகின்றன. ஆக, ஒரே காட்சியில் மேலே நகர்ந்த பட்டைகள், கீழே நகராத பட்டைகள். ஒப்பிட வேறு குறி எதுவும் தேவையில்லை, மேசை தட்டுப்பட்டு அசைந்தாலும் இரண்டும் சேர்ந்தே அசையும்.

வெள்ளை ஒளியில் பார்த்தேன். கீழே, மையத்தில், பழைய வெள்ளைப் பட்டை. மேலே லென்சை நகர்த்தினால், இந்த முறை, மங்கலான வெளுப்புக்குள்ளிருந்து வண்ணப் பட்டைகளின் ஒரு சின்னக் கொத்து எழுந்து வந்தது. அதைக் கண்ட நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. கொத்தின் நடுவை ஆறு முறை வாசித்தேன்: சராசரி 10.4 மி.மீ., ஒவ்வொரு வாசிப்பும் 0.1 மி.மீ.க்குள்.

எதிர்பார்த்தது 9.8. வித்தியாசம் 0.6 மி.மீ., ஆறு சதவீதம். 10.4ஐக் கணக்கில் போட்டால் (n-1)t = 5.2 மைக்ரான், அதிலிருந்து n = 1.54. பாலித்தீனுக்கு 1.51 அளவில்தான் வர வேண்டும். என் முதல் சந்தேகம் எடை மேல். ஆனால் n 1.51 ஆக வேண்டுமானால் தடிமன் 10.2 மைக்ரானாக, எடை 5.63 கிராமாக இருக்க வேண்டும். தராசு 0.3 கிராம் பொய் சொல்லாது. மறுபடி எடை போட்டேன், 5.30தான். D, d இரண்டையும் கீழ்ப் பாதிப் பட்டைகளின் அகலத்தை வைத்துச் சரிபார்த்தேன், பிழை இல்லை.

அப்போது லென்சில் கண் வைத்திருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, கீழ நடுவுல வெள்ளையா இருக்கு. மேல நடுவுல ஏன்ப்பா கறுப்பா இருக்கு?"

நான் அதுவரை கொத்தின் "நடு" எங்கே என்றுதான் பார்த்திருந்தேன், நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவள் சொன்னது சரி. கீழே நடுவில் வெள்ளைப் பட்டை, அதன் இரு புறமும் சமமான வண்ணங்கள். மேலே நடுவில் ஒரு கறுப்புக் கோடு, இரு புறமும் சமமான இரண்டு பொலிவுப் பட்டைகள். அந்த இரண்டிலும் கறுப்பை ஒட்டிய உள் ஓரம் நீலச் சாயல், வெளி ஓரம் சிவப்புச் சாயல். மையப் பட்டை இடம் மட்டும் மாறவில்லை, தலைகீழாகவும் ஆகியிருந்தது.

அங்கிருந்து விடை வந்தது. (n-1)t என்று எழுதும்போது n ஒரே எண் என்று நினைத்துக்கொள்கிறோம். பாலித்தீனிலும் கண்ணாடி போலவே நீல ஒளிக்கு n அதிகம், சிவப்புக்குக் குறைவு. சாதாரண ஒளியியல் கண்ணாடியில் 650 நானோமீட்டரிலிருந்து 450க்கு வரும்போது n ஏறக்குறைய 0.011 கூடுகிறது. படலத்திலும் அவ்வளவுதான் என்று வைத்துப் பார்ப்போம். சிவப்பின் மையப் பட்டை 9.8 மி.மீ.யில் விழும், நீலத்தின் மையப் பட்டை 10.0 மி.மீ.யில். அதாவது எல்லா நிறங்களுக்கும் பொதுவான மையம் என்று ஒன்று திரையில் எங்குமே கிடையாது. படலம் வைத்தவுடன் அந்தப் பழைய வெள்ளைப் பட்டை நிறம் பிரிந்துவிட்டது.

அப்படியானால் நிறங்கள் எங்கே ஒன்றுசேர்கின்றன? இன்னும் கொஞ்சம் வெளியே போங்கள். சிவப்பின் பட்டை அகலம் 1.3 மி.மீ., ஆகவே அதன் முதல் கருமை 9.8 + 0.65 = 10.45இல். நீலத்தின் பட்டை அகலம் 0.9 மி.மீ., அதன் முதல் கருமை 10.0 + 0.45 = 10.45இல். இரண்டு கருமையும் ஒரே இடம்! மையத்தில் பின்தங்கிய சிவப்பு, தன் பட்டை அகலமானதால், இங்கே வந்து நீலத்தைப் பிடித்துவிடுகிறது. எல்லா நிறங்களும் ஒன்றாக அணையும் அந்த இடத்தைத்தான் கண் "நடு" என்று எடுத்துக்கொள்கிறது. உள் பக்கப் பொலிவில் சிவப்பு 9.8, நீலம் 10.0, வெளிப் பக்கப் பொலிவில் நீலம் 10.9, சிவப்பு 11.1. இரண்டிலும் நீலம் கறுப்பை ஒட்டி நிற்கும். லென்சில் கண்டதும் அதேதான்.

சுருக்கமான வடிவில், வெள்ளை ஒளிக் கொத்தின் நடு n-ஐக் கேட்பதில்லை, இதைக் கேட்கிறது:

```
n_g = n - λ (dn/dλ)
```

இது குழு ஒளிவிலகல் எண். அலைநீளம் கூடக் கூட n குறைந்துகொண்டே போவதால் இங்கே n_g, n-ஐவிடப் பெரிது. சாதாரணக் கண்ணாடிக்கு 550 நானோமீட்டரில் n 1.519, n_g 1.546. ஒன்றைக் கழித்தால் 0.519, 0.546: ஐந்து சதவீதத்துக்கும் மேல் வேறுபாடு. என் 1.54 தவறான அளவு அல்ல, நான் அதற்கு வைத்த பெயர்தான் தவறு.

இது வெறும் சமாதானமாக இருந்துவிடக் கூடாது என்று லேசருக்குத் திரும்பினேன். லேசரில் ஒரே நிறம், ஆகவே அது உண்மையான n-ஐத்தான் சொல்லும், முழு எண்ணிக்கையை மட்டும் மறைத்துவிடும். லேசருக்கு முன் ஒரு கண்ணாடிக் குச்சியை வைத்து ஒளியைச் செங்குத்துக் கோடாக விரித்து, பிளவின் முழு உயரத்திலும் விழச் செய்தேன். மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் இடையே படி தெளிவாகத் தெரிந்தது. மேலே பொலிவு வரும் இடத்தில் கீழே ஏறக்குறைய கருமை. பத்துப் பட்டைகளைப் படத்தில் அளந்து சராசரி எடுத்தால், தாள் பக்கமாக 0.53 பட்டை.

ஆக உண்மையான நகர்வு 6.53, 7.53, 8.53 இவற்றில் ஒன்று. 0.65 மைக்ரானால் பெருக்கினால் (n-1)t முறையே 4.24, 4.89, 5.54 மைக்ரான். தடிமன் 9.6 என்றால் n 1.44, 1.51, 1.58. பாலித்தீனுக்குப் பொருந்துவது நடுவில் உள்ளது மட்டும்தான். இங்கே ஒரு கண்ணியும் இருக்கிறது. எடை போடாமல், வெள்ளை ஒளி தந்த 5.2ஐ வைத்து முழு எண்ணைத் தேர்ந்தெடுக்கப் போயிருந்தால், 4.89க்கும் 5.54க்கும் நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருப்பேன். "வெள்ளை ஒளியில் முழு எண், லேசரில் பின்னம்" என்பது நல்ல வழிதான், ஆனால் நிறப்பிரிகைக்குத் திருத்தம் செய்யாமல் அதை நம்பினால் ஒரு பட்டை தவறிப்போகும்.

இப்போது 5.2இல் 4.9ஐக் கழித்தால் 0.3 மைக்ரான். பச்சையின் அலைநீளம் 0.55 மைக்ரானில் அது பாதிக்குச் சற்று மேல். பாதி அலை என்றால் கருமை. நடுக்கோடு ஏன் கறுப்பு என்பதற்கு இரண்டாவது வழியிலும் அதே விடை வந்தது, இந்த வழியில் தடிமன் 7 என்ற முழு எண்ணைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான் உதவியது.

இரண்டு அடுக்குப் படலம் வைத்தால் பாதி அலை முழு அலையாகி நடு மறுபடி பொலிவாக வேண்டும். செய்துபார்த்தேன், எதுவும் கிடைக்கவில்லை. நகர்வு 20.8 மி.மீ., மேட்டின் இருட்டு 18.3இல். அதற்கு 0.02 மி.மீ.க்கும் குறுகலான பிளவு வேண்டும், ஒளி இன்னும் மங்கும். எதிர்த்திசையில் போவது எளிதாக இருந்தது. அதே படலத்தைச் சட்டத்தில் நன்றாக இழுத்து மெலிய வைத்தேன். லேசர் பின்னம் 0.84, கொத்தின் நடு 5.3 மி.மீ.யில். முழு எண் 3 என்று எடுத்தால் (n-1)t 2.50 மைக்ரான், அதன்படி மையம் 5.0 மி.மீ.யில் இருந்திருக்கும். மிச்சம் கால் அலை. கொத்தைப் பார்த்தால் நடுவில் வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. ஒரு பக்கம் ஒரு பொலிவு, மறு பக்கம் ஒரு கருமை, நிறங்கள் இரண்டு பக்கமும் சமமில்லாமல். மகள் அதை நோட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்து, மூன்று படங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினாள்: படலம் இல்லாமல் வெள்ளை நடு, இழுத்த படலத்தில் கோணல் நடு, முழுப் படலத்தில் கறுப்பு நடு.